பே ஸ்லிப்பும் சிடிசியும் ஒத்துப்போகிறதா? நீங்களே பார்க்கும் முறை

ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 6,00,000 ரூபாய் என்று இருக்கிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 50,000. ஆனால் முழு மாதம் வேலை பார்த்த பிறகு வங்கிக் கணக்கில் விழுவது 39,298. மீதி 10,702 ரூபாய் எங்கே? முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் "ஏதோ பிடிச்சிருப்பாங்க" என்று விட்டுவிடுகிறார்கள். மீதிப்பேர் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று நண்பர்களிடம் புலம்புகிறார்கள். அந்த 10,702-க்கும் கடைசி ரூபாய் வரை கணக்குக் காட்ட முடியும். அப்படிக் காட்ட முடியாமல் போனால்தான் எச்.ஆரிடம் போக வேண்டும்.

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் 2025 ஜூன் 16 அன்று முதல் வேலைக்குச் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, விதிகள் உண்மையானவை. உங்கள் ஆஃபர் லெட்டரையும் பே ஸ்லிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் எண்களைப் போட்டுக்கொண்டே வாருங்கள்.

முதலில் ஆஃபர் லெட்டர், பிறகுதான் பே ஸ்லிப்

பலரும் பே ஸ்லிப்பிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதில் உள்ள எண்கள் தங்களுக்குள் எப்போதும் சரியாகத்தான் கூடும், ஏனென்றால் மென்பொருள் அப்படித்தான் அச்சடிக்கும். தப்பு இருந்தால் அது ஆஃபர் லெட்டருக்கும் ஸ்லிப்புக்கும் இடையில்தான் இருக்கும். அதனால் ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்திலோ இணைப்பிலோ இருக்கும் சம்பளப் பட்டியலை முதலில் எடுங்கள். நம் ஆளுடைய பட்டியல் இது, ஆண்டுக் கணக்கில்:

```
பேசிக்                         3,00,000
எச்ஆர்ஏ                        1,50,000
ஸ்பெஷல் அலவன்ஸ்                 57,576
பிஎஃப், கம்பெனி பங்கு            36,000
கிராஜுவிட்டி                     14,424
மருத்துவக் காப்பீடு பிரீமியம்       6,000
வேரியபிள் பே                    36,000
-----------------------------------------
சிடிசி                         6,00,000
```

சிடிசி என்பது கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. அதில் உங்கள் கைக்கு வருவதும் உண்டு, வராததும் உண்டு. அதனால் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அந்தப் பணம் எங்கே போகிறது என்று எழுதுங்கள்.

பேசிக், எச்ஆர்ஏ, ஸ்பெஷல் அலவன்ஸ் மூன்றும் மாதாமாதம் வருபவை. கம்பெனியின் பிஎஃப் பங்கு உங்கள் பிஎஃப் கணக்குக்குப் போகிறது. உங்கள் பணம்தான், ஆனால் இப்போது கையில் இல்லை. காப்பீட்டு பிரீமியம் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறது, பணமாக உங்களுக்கு ஒருபோதும் வராது. வேரியபிள் பே வரலாம், குறைந்தும் வரலாம். எப்போது, எதன் அடிப்படையில் என்பது லெட்டரில் இருக்க வேண்டும்.

கிராஜுவிட்டிதான் இதில் பெரிய கண்கட்டு. வேலையை விட்டுப் போகும்போது தரும் தொகை அது, ஓராண்டு வேலைக்குப் பதினைந்து நாள் பேசிக் என்பது கணக்கு. மாதத்தை 26 நாளாக எடுத்துக்கொள்வதால் அது பேசிக்கில் சுமார் 4.81 சதவீதம் வரும். நிரந்தர ஊழியருக்கு ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான் அது கிடைக்கும். இரண்டாவது ஆண்டிலேயே வேறு வேலைக்குத் தாவப்போகிறீர்கள் என்றால் பட்டியலில் உள்ள அந்த 14,424 உங்களுக்கு வெறும் எழுத்துதான். அதைச் சிடிசியில் காட்டுவது சட்டவிரோதம் இல்லை. ஆனால் இரண்டு கம்பெனிகளின் ஆஃபரை ஒப்பிடும்போது அதைக் கழித்துவிட்டு ஒப்பிடுவதே நியாயம்.

ஸ்லிப்பைத் திறக்கும் முன் உங்கள் கிராஸை நீங்களே போடுங்கள்

மாதாமாதம் வரும் மூன்று வரிகளை மட்டும் பன்னிரண்டால் வகுங்கள். பேசிக் 25,000, எச்ஆர்ஏ 12,500, ஸ்பெஷல் அலவன்ஸ் 4,798. கூட்டினால் 42,298, இதுதான் உங்கள் கிராஸ். முழு மாதம் வேலை பார்த்தால் ஸ்லிப்பின் இடது பக்கத்தில், அதாவது வருமானப் பக்கத்தில், இந்த எண்தான் வர வேண்டும். ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் வித்தியாசம் வந்தால் ரவுண்டிங், விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் எந்த வரியில் இடிக்கிறது என்று பாருங்கள்.

பெரும்பாலும் இடிப்பது ஸ்பெஷல் அலவன்ஸில்தான். எல்லாவற்றையும் வைத்துவிட்டு மீதியை அடைக்கும் வரி அது. சம்பள மென்பொருளில் யாராவது கம்பெனி பிஎஃப் பங்கையோ காப்பீட்டையோ மாற்றிப் போட்டால் அடி இங்கேதான் விழும். பேசிக் மாறவில்லை, எச்ஆர்ஏ மாறவில்லை, ஸ்பெஷல் அலவன்ஸ் மட்டும் குறைந்திருக்கிறது என்றால், வேறொரு வரி சத்தமில்லாமல் பெருத்திருக்கிறது என்று அர்த்தம்.

பேசிக் பற்றி ஒரு விஷயம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, ஊதியக் கணக்கில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும். அதனால் பேசிக்கைக் குறைவாக வைத்திருந்த கம்பெனிகள் பட்டியலை மாற்றி எழுதலாம். அப்படிப் புதுப் பட்டியல் வந்தால் பழையதைத் தூக்கிப்போடாதீர்கள். எந்த மாதத்திலிருந்து மாறியது என்று அதன் மேலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்தங்கள்: நான்கைப் பார்த்தால் போதும்

பிஎஃபில் உங்கள் பங்கு பேசிக்கில் 12 சதவீதம். 25,000-க்கு 3,000. சில கம்பெனிகள் பேசிக் எவ்வளவு இருந்தாலும் சட்டத்தின் உச்சவரம்பான 15,000-க்கு மட்டும் 12 சதவீதம் பிடிப்பார்கள்; அப்போது 1,800 வரும். இரண்டுமே நடைமுறையில் உள்ளவைதான். ஆனால் பட்டியலில் கம்பெனி பங்கு எந்தக் கணக்கில் போடப்பட்டிருக்கிறதோ, கட்டுவதும் அதே கணக்கில் இருக்க வேண்டும். பிறகு இந்த இடத்துக்குத் திரும்பி வருவோம்.

தொழில் வரி தமிழ்நாட்டில் மாதாமாதம் கிடையாது. உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250. ஆண்டுக்கு 2,500-க்கு மேல் யாரிடமும் வாங்க முடியாது. அரசியலமைப்புச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு அது. கம்பெனி ஏதாவது ஒரு மாதத்தில் மொத்தமாகப் பிடிக்கும், அந்த மாதம் நம் ஆளின் கைக்கு 38,048 வரும். சில இடங்களில் மாதம் 208 என்று பிரித்துப் பிடிப்பார்கள். பெங்களூரில் இருக்கும் நண்பரின் ஸ்லிப்பில் மாதம் 200 இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அது கர்நாடகக் கணக்கு.

இஎஸ்ஐ மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு மட்டும். ஊழியர் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். 18,000 வாங்குபவருக்கு 135 ரூபாய் பிடிப்பார்கள். நம் ஆளுக்கு 42,298 என்பதால் அந்த வரியே வரக் கூடாது. ஏற்கெனவே இஎஸ்ஐயில் இருப்பவருக்கு நடுவில் சம்பளம் உயர்ந்து 21,000-ஐத் தாண்டினால், அந்த அரையாண்டு முடியும் வரை பிடித்தம் தொடரும். அது தப்பு இல்லை.

கடைசியாக வருமான வரி. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 75,000 நிலையான கழிவு உண்டு. நம் ஆளின் கிராஸ் ஆண்டுக்கு 5,07,576, வேரியபிள் முழுதாக வந்தால் 5,43,576. அதில் 75,000 போக 4,68,576. நான்கு லட்சத்துக்கு மேலே உள்ள 68,576-க்கு 5 சதவீதம் என்றால் 3,429 ரூபாய் வரி வருகிறது. ஆனால் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் அந்த வரி முழுவதும் தள்ளுபடி. ஆக, பிடித்தம் பூஜ்யம். இந்தச் சம்பளத்தில் டிடிஎஸ் என்று ஏதாவது இருந்தால், பான் எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இப்போது கீழிருந்து மேலே ஏறுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. கைக்கு வந்த தொகையில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய் மாதம் 50,000-ஐத் தொட வேண்டும். தொழில் வரி பிடிக்காத ஒரு சாதாரண மாதத்துக்கு:

```
கைக்கு வந்தது               39,298
+ பிஎஃப், என் பங்கு            3,000
= கிராஸ்                    42,298
+ பிஎஃப், கம்பெனி பங்கு        3,000
+ கிராஜுவிட்டி                1,202
+ காப்பீடு                     500
+ வேரியபிள்                  3,000
= சிடிசி / 12               50,000
```

ஆரம்பத்தில் காணாமல் போன 10,702 இதில் முழுதாக வந்துவிட்டது: 3,000, இன்னொரு 3,000, 1,202, 500, மறுபடி 3,000. ஒவ்வொரு தொகையும் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். ஒரே தொகை இரண்டு இடத்தில் கழிக்கப்பட்டால் கணக்கு 50,000-ஐத் தொடாது.

அப்படி இரண்டு முறை கழிவது பெரும்பாலும் கம்பெனியின் பிஎஃப் பங்கில்தான். இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

சில கம்பெனிகளின் ஸ்லிப்பில் பிடித்தப் பக்கத்தில் பிஎஃப் இரண்டு முறை இருக்கும், ஊழியர் பங்கு 3,000, கம்பெனி பங்கு 3,000 என்று. பார்த்தவுடன் பதற வேண்டாம். வருமானப் பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் கம்பெனி பங்கு 3,000 ஒரு வரியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் மொத்தம் 45,298. அதில் 6,000 போனால் மறுபடி அதே 39,298. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். படிக்க அசிங்கமாக இருக்கிறதே தவிர நஷ்டம் இல்லை.

ஆனால் வருமானப் பக்கத்தில் 42,298 மட்டுமே இருந்து, பிடித்தப் பக்கத்தில் மட்டும் 6,000 இருந்தால் கைக்கு வருவது 36,298. இங்கே மாதம் 3,000 உண்மையாகவே போகிறது. ஆஃபர் லெட்டரிலேயே கம்பெனி பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் 42,298 வந்தது. அதையே மறுபடி உங்கள் கிராஸிலிருந்து எடுக்கிறார்கள். ஆண்டுக்கு 36,000. பிஎஃப் திட்டத்தின் 31-ஆம் பத்தி, கம்பெனி தன் பங்கை ஊழியரின் ஊதியத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. ஸ்லிப்பில் இப்படி இருந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் உடனே எழுதிக் கேளுங்கள்.

முழு மாதம் வேலை பார்க்காத மாதங்கள்

முதல் மாத ஸ்லிப்பும் லீவ் போட்ட மாத ஸ்லிப்பும் தனிக் கதை. ஸ்லிப்பின் மேலே, பெயர், பிஎஃப் கணக்குக்கான யூஏஎன் எண்ணுக்குப் பக்கத்தில், சம்பள நாட்கள் என்று ஒரு எண் இருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஆள் ஜூன் 16-இல் சேர்ந்தார். 30 நாளில் 15 நாள், அதாவது பாதி. பேசிக் 12,500, எச்ஆர்ஏ 6,250, ஸ்பெஷல் அலவன்ஸ் 2,399, மொத்தம் 21,149. பிஎஃபும் பாதியாகத்தான் இருக்க வேண்டும், 12,500-க்கு 12 சதவீதம், 1,500. கைக்கு 19,649. சம்பளம் மட்டும் பாதியாகி, பிஎஃப் 3,000 முழுதாக இருந்தால் கேள்வி கேட்கலாம். 15,000 வரம்புக் கணக்கு வைத்திருக்கும் கம்பெனியில் கொஞ்சம் மாறும்: அரை மாத பேசிக் 12,500 வரம்புக்குக் கீழே என்பதால், அந்த மாதம் அங்கேயும் 1,500 வரலாம்.

சம்பளமில்லா விடுப்பில், அதாவது எல்ஓபியில், எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்பதில்தான் சண்டை வரும். ஜூலையில் இரண்டு நாள் எல்ஓபி என்று வையுங்கள். ஜூலைக்கு 31 நாள் என்று எடுத்தால் 42,298-இல் 31-க்கு 29 பங்கு, 39,569. மாதத்தை 26 வேலை நாளாக எடுத்தால் இரண்டு நாளுக்கு 3,254 போய் 39,044. வித்தியாசம் 525 ரூபாய். எது சரி என்று உங்கள் கம்பெனியின் லீவ் கொள்கைதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று: சம்பளம் கொடுக்கும்போது 31, பிடிக்கும்போது 26 என்று இரண்டு கணக்கு வைத்திருந்தால் விடாதீர்கள். ஜூனில் 30-ஆல் வகுத்து அரைச் சம்பளம் கொடுத்தவர்கள், ஜூலையில் 26-ஆல் வகுத்துப் பிடித்தால் அது ஒத்துவராத கணக்கு.

பிஎஃப் பாஸ்புக்கைப் பார்க்காமல் வேலை முடியாது

ஸ்லிப்பில் பிடித்ததாக எழுதுவது வேறு, கட்டுவது வேறு. ஒரு மாதத்தின் பிஎஃபை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி கட்ட வேண்டும். passbook.epfindia.gov.in தளத்திலோ உமாங் செயலியிலோ யூஏஎன் எண்ணைப் போட்டு உள்ளே போனால் மாதவாரியாகத் தெரியும். பதிவு ஏறக் கொஞ்சம் தாமதம் ஆகலாம். இரண்டு மாதம் ஆகியும் ஏறவில்லையென்றால் தாமதம் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள்.

அங்கே மூன்று பத்திகள் இருக்கும்: ஊழியர் பங்கு, கம்பெனி பங்கு, ஓய்வூதியப் பங்கு. ஊழியர் பங்கில் ஸ்லிப்பில் உள்ள அதே 3,000 இருக்க வேண்டும். மற்ற இரண்டையும் கூட்டினால் சிடிசி பட்டியலில் உள்ள கம்பெனி பங்கு 3,000 வர வேண்டும். சிடிசியில் 3,000 போட்டுவிட்டு, பாஸ்புக்கில் கூட்டிப் பார்த்தால் 1,800 மட்டும் இருந்தால், மாதம் 1,200 யார் கணக்கிலும் இல்லை. ஆண்டுக்கு 14,400. பே ஸ்லிப்பை மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கம்பெனி பங்கு பல ஸ்லிப்புகளில் அச்சாவதே இல்லை. கம்பெனி 15,000 வரம்புக்குத்தான் கட்டும் என்றால் அதில் தப்பில்லை. ஆனால் அந்த 1,200 ஸ்பெஷல் அலவன்ஸாக உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது பத்தியில் புதியவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. வழக்கமாகக் கம்பெனி பங்கிலிருந்து 1,250 ஓய்வூதியத்துக்குப் போகும், 15,000-க்கு 8.33 சதவீதம் என்ற கணக்கில். ஆனால் 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல்முறையாக பிஎஃபில் சேரும்போதே பேசிக் 15,000-க்கு மேல் இருந்தால் அந்த ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியாது. நம் ஆளுக்கு முதல் வேலையிலேயே பேசிக் 25,000. அதனால் அவருடைய ஓய்வூதியப் பத்தி பூஜ்யமாகவும் கம்பெனி பங்கு முழு 3,000 ஆகவும் இருக்க வேண்டும். அங்கே 1,250 ஏறிக்கொண்டிருந்தால் இப்போது ஒன்றும் வலிக்காது. சில வருடம் கழித்து பிஎஃப் பணத்தை எடுக்கவோ மாற்றவோ போகும்போது விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும், பழைய கம்பெனியைத் தேடிப்போய்த் திருத்த வேண்டிவரும். முதல் இரண்டு மூன்று மாதத்தில் பார்த்துச் சொல்லிவிட்டால் ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலை.

கேட்கும் விதம்

"என் சம்பளம் குறைவாக இருக்கிறது" என்று எழுதினால், "கொள்கைப்படிதான் கணக்கிடப்பட்டுள்ளது" என்று பதில் வரும். எந்த வரி, எந்த மாதம், எவ்வளவு என்று எழுதுங்கள். "ஆஃபர் லெட்டர் இணைப்பில் கம்பெனி பிஎஃப் பங்கு மாதம் 3,000. பாஸ்புக்கில் ஜூலைக்குக் கம்பெனி பங்கும் ஓய்வூதியமும் சேர்த்து 1,800 உள்ளது. மீதி 1,200 எந்த வரியில் உள்ளது?" இப்படி ஒரு கேள்விக்கு மழுப்பலான பதில் சொல்ல முடியாது. லெட்டர், ஸ்லிப், பாஸ்புக் மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். நேரில் கேட்டாலும் அன்றைக்கே அதை ஒரு மின்னஞ்சலாகவும் போட்டுவிடுங்கள். தப்பு என்று ஒப்புக்கொண்டால் அடுத்த ஸ்லிப்பில் அது அரியர் என்று தனி வரியாக வர வேண்டும். பிஎஃப் கட்டாதது பற்றிப் பதிலே வராவிட்டால் epfigms.gov.in தளத்தில் புகார் பதிவு செய்யலாம்.

மார்ச் ஸ்லிப் வந்ததும் ஒருமுறை மொத்தமாகப் பாருங்கள். பல ஸ்லிப்புகளில் ஏப்ரலிலிருந்து அதுவரைக்குமான கூட்டுத்தொகை ஒரு பத்தியில் இருக்கும். நம் ஆள் அந்த நிதியாண்டில் வேலை பார்த்தது ஒன்பதரை மாதம். எல்ஓபி எதுவும் இல்லையென்றால் கிராஸ் 4,01,831, பாஸ்புக்கில் கம்பெனி பங்கு 28,500, கிராஜுவிட்டி 11,419, காப்பீடு 4,750. இவற்றைக் கூட்டினால் 4,46,500. ஒன்பதரை மாதச் சிடிசி 4,75,000. இடையில் நிற்கும் 28,500-தான் அவருக்கு வர வேண்டிய வேரியபிள். அது எத்தனை சதவீதம் கிடைத்தது, சேர்ந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு உண்டா, வழங்கும் தேதியில் வேலையில் இருந்தாக வேண்டுமா என்பதையெல்லாம் ஏப்ரலிலேயே லெட்டரில் தேடிப் படித்துவிடுங்கள். ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு தேடினால் பதில் வேறாக இருக்கக்கூடும்.